ஆறு எண்ணில் ஒரு சாவி
பார்சல் பெட்டியின் திரையில் தமிழ் இல்லை. திறக்க வழி இருக்கிறது

தோட்டத்து முகவரியில் வீட்டு எண்ணுக்கு வேலை குறைவு. தோட்டத்தின் பெயர், அதற்குக் கீழே அஞ்சல் குறியீடு, ஊர்ப் பெயர். 71900 லாபு, 71100 சிலியாவ், 72100 பஹாவ். அவ்வளவுதான். எந்த லயத்தில் எந்தக் கதவு என்பது தோட்டத்து ஆபீசில் இருந்த கிராணியாருக்குத் தெரியும். நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குக் கடிதங்கள் பல காலம் இப்படித்தான் வந்தன. தபால் ஆபீசுக்கு வரும், அங்கிருந்து ஆளுக்கு ஆள் போய்ச் சேரும். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாசித்துக் காட்டும்.

இப்போது கடிதம் குறைந்துவிட்டது. பார்சல் பெருகிவிட்டது. பேரனுக்குக் காலணி, தாத்தாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, தீபாவளிக்குச் சேலை என எல்லாமே கைத்தொலைபேசியில் வாங்கப்படுகின்றன. ஆனால் கூரியர் வேன் ஓட்டுநருக்குக் கிராணியாரின் ஞாபகம் இல்லை. செம்பனைக்கு நடுவே போகும் மண் சாலையில் அவருடைய வரைபடம் ஏதோ ஓர் இடத்தில் நின்றுவிடும். சிலர் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சிலர் ‘ஆள் இல்லை’ என்று எழுதித் திருப்பி எடுத்துக்கொண்டு போவார்கள்.

அதனால்தான் டவுனில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் இப்போது வேறு வழி பார்க்கிறார்கள். தோட்டத்து முகவரிக்குப் பதில் பெட்ரோல் நிலையத்திலோ பேரங்காடி வாசலிலோ நிற்கும் பார்சல் பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஊரில் இருக்கும் அம்மாவிடம், “டவுனுக்குப் போகும்போது எடுத்துக்கோங்கம்மா” என்கிறார்கள். அம்மா அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. திரை மலாயில் பேசுகிறது, இல்லாவிட்டால் ஆங்கிலத்தில். சில இடங்களில் முதல் பக்கமே சீனத்தில் நிற்கிறது. நான் பார்த்த பெட்டிகள் எதிலும் தமிழ் இல்லை.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

மொழியைத் தாண்டிப் போக, முதலில் இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆளில்லாப் பார்சல் பெட்டிகளை ஜெர்மனியில் 2001ஆம் ஆண்டு வாக்கில் வெள்ளோட்டம் விட்டார்கள். அன்று முதல் இன்று வரை உலகம் முழுக்க அடிப்படை ஒன்றுதான்.

நடுவில் ஒரு திரை. இரு பக்கமும் சிறிதும் பெரிதுமாகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் மின்சாரப் பூட்டு ஒன்று, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லும் உணர்கருவி ஒன்று. கூரியர் ஊழியர் வந்து, பார்சலில் ஒட்டியிருக்கும் கோட்டுக் குறியைக் காட்டி, பார்சலின் அளவுக்கு ஏற்ற கதவைத் திறந்து, உள்ளே வைத்து மூடுவார். கதவு மூடியதும் இயந்திரம், “இந்தப் பார்சல் இத்தனையாவது கதவில் இருக்கிறது” என்று நிறுவனத்தின் கணினிக்குத் தெரிவிக்கும். ஒரு குறியீட்டு எண் உருவாகி, வாங்கியவரின் கைத்தொலைபேசிக்குப் போகும். பெரும்பாலும் அது ஆறு இலக்க எண். சில நிறுவனங்கள் அதோடு ஒரு கட்டக் குறியும் அனுப்பும். அந்தக் குறியை இயந்திரத்தின் கண்ணில் காட்டினாலும் போதும்.

நீங்கள் அந்த எண்ணைத் தட்டியதும், அது சரிதானா என்று இயந்திரம் பார்க்கும். சரியென்றால் ஒரே ஒரு பூட்டுக்கு நொடி நேரம் மின்சாரம் போகும். ‘டக்’ என்ற சத்தத்தோடு ஒரு கதவு மட்டும் சற்றே வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். நீங்கள் மூடியதும், அந்தக் கதவு காலி என்று இயந்திரம் எழுதிக்கொள்ளும்.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, இயந்திரத்துக்கு உங்கள் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. எண்ணை வைத்திருப்பவர்தான் அதற்குப் பார்சலின் சொந்தக்காரர். இரண்டு, அந்த எண் பெரும்பாலும் ஒரே தடவைதான் வேலை செய்யும். பார்சலை எடுக்காமல் கதவை மூடிவிட்டால், இயந்திரத்தின் கணக்கில் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். அதே எண்ணை மறுபடி தட்டினால் கதவு திறக்காது.

வந்த செய்தியைப் படிப்பது

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பஹாவுக்கு வெளியே ஒரு தோட்டம். மகள் கோலாலம்பூரில் இருக்கிறாள். அம்மாவுக்கு மூட்டுவலிக்கான முழங்கால் பட்டை வாங்கி, பஹாவ் பெட்ரோல் நிலையத்துப் பெட்டிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். ஜூன் 12, வியாழக்கிழமை பிற்பகல், மகளின் கைத்தொலைபேசிக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது.

```
Bungkusan anda sedia diambil.
Lokasi: Stesen minyak, Bahau
Kod: 407193
Sah sehingga: 14/06, 12:00 AM
```

முதல் வரி, ‘உங்கள் பொட்டலம் எடுத்துக்கொள்ளத் தயார்’ என்கிறது. இரண்டாவது வரி இடம். இதை அலட்சியமாக விடக் கூடாது. ஒரே டவுனில் இரண்டு மூன்று நிறுவனங்களின் பெட்டிகள் இருக்கலாம், சில இடங்களில் பக்கத்துப் பக்கத்தில்கூட நிற்கும். ஒரு பெட்டிக்கு வந்த எண் இன்னொரு பெட்டியைத் திறக்காது. பெட்டியின் நிறத்தையும் அதில் எழுதியுள்ள பெயரையும் மகளிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வரிதான் சாவி. நான்காவது வரி கெடு. பலர் தவறிவிடும் இடம் இந்த நான்காவது வரிதான். ‘14ஆம் தேதி வரை’ என்று பார்த்ததும், சனிக்கிழமை சாயங்காலம் சந்தைக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் 12:00 AM என்றால் நள்ளிரவு. 14ஆம் தேதி பிறக்கும் அந்த நொடி. அதாவது 13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவோடு கெடு முடிகிறது. சனிக்கிழமை போனால் எண் செத்துப்போயிருக்கும். மலாயில் வரும் நேரத்தில் AM, PM என்பதற்குப் பதில் PG, PTG என்றும் இருக்கும். PG என்பது பாகி, காலை. PTG என்பது பெத்தாங், மாலை. நள்ளிரவு 12:00 PG, நண்பகல் 12:00 PTG என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

கெடு எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒரு நாளாகவும் இருக்கலாம், மூன்று நாளாகவும் இருக்கலாம். கெடு முடிந்தால் கூரியர் ஊழியர் பார்சலை எடுத்துப் போய்விடுவார். பிறகு அவர்களுடைய கிளைக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டி வாங்க வேண்டியிருக்கும், அல்லது அது விற்றவருக்கே திரும்பிப் போய்விடும்.

தொலைபேசியில் எண் சொல்வது

இந்தச் செய்தி மகளுக்குத்தான் வந்திருக்கிறது, அம்மாவுக்கு அல்ல. ஏனென்றால் வாங்கிய கணக்கு மகளுடையது. மகள் உடனே அழைத்து, “நாலு, சைபர், ஏழு, ஒண்ணு, ஒன்பது, மூணு” என்கிறாள். அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்கிறார்.

வானொலியில் போட்டித் தொலைபேசி எண்களைத் தினமும் வாசிப்பவள் என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. பேச்சுத் தமிழில் ‘ஒண்ணு’, ‘மூணு’ இரண்டும் கோடு சரியில்லாத அழைப்பில் ஒரே மாதிரி கேட்கும். ‘ஆறு’, ‘ஏழு’ என்பதும் அப்படித்தான். மேலே உள்ள எண்ணில் ஒண்ணும் மூணும் ஏழும் மூன்றுமே இருக்கின்றன. தோட்டத்தில் அலை கிடைக்கும் இடம் தேடி, வாசலில் நின்று, காற்றுச் சத்தத்தோடு கேட்கும் அம்மாவுக்கு இது எளிதல்ல.

இதற்கு வானொலி வழக்கம் கைகொடுக்கும். இரண்டிரண்டாகப் பிரித்து வாசிக்க வேண்டும். நாலு சைபர், ஏழு ஒண்ணு, ஒன்பது மூணு. பிறகு கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவரே இரண்டாம் தடவை சொன்னால் அதே பிழை அதே இடத்தில் நிற்கும். கேட்டவர் திருப்பிச் சொன்னால்தான் பிழை வெளியே வரும்.

அதைவிட நல்லது, வந்த செய்தியை அப்படியே புலனத்தில் அனுப்பிவிடுவது. வீட்டில் அலை இருக்கும்போதே அதைத் திறந்து, திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்கு முன்னால் போய் நின்று செய்தியைத் தேடும்போது இணையம் கிடைக்காமல் போகலாம். படம் பிடித்து வைத்ததற்கு இணையம் தேவையில்லை. காகிதத்தில் எழுதியதற்கு மின்கலமே தேவையில்லை.

பாசார் மலாயும் பெட்டி மலாயும்

தோட்டத்து அம்மாக்களுக்கு மலாய் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சந்தையில் மீனுக்கு விலை பேசுவார்கள், கிளினிக்கில் வலியைச் சொல்வார்கள். ஆனால் அது காதில் கேட்டுப் பழகிய பாசார் மலாய். பெட்டி பேசுவது அலுவலக மலாய், அதுவும் எழுத்தில். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். உடுப்பு மட்டும் வேறு.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் பெரியம்மாவோடு ஒருமுறை இப்படி ஒரு பெட்டிக்குப் போயிருந்தேன். தமிழ்ப் பத்திரிகையைத் தலைப்பு முதல் கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர் அவர். எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் தவறிவிட்டது. அழிக்கும் பொத்தான் எதிரிலேயே இருந்தது. அதில் Padam என்று எழுதியிருந்தது. பெரியம்மா கையை எடுத்துக்கொண்டார். “அதைத் தொட்டா மிஷின் அணைஞ்சிரும்டி” என்றார். அவர் சொன்னது தப்பே இல்லை. விளக்கை அணைப்பதும் அடுப்பை அணைப்பதும் ‘பாடாம்’தானே! திரையில் அதே சொல் ‘எழுதியதை அழி’ என்ற பொருளில் வருகிறது. இயந்திரத்தை அணைக்கும் பொத்தான் வாடிக்கையாளர் பக்கம் இருக்காது. எதைத் தொட்டாலும் அதிகபட்சம் முதல் பக்கத்துக்குத் திரும்பும், அவ்வளவுதான்.

மற்றச் சொற்களையும் இப்படியே தெரிந்த சொல்லிலிருந்து பிடிக்கலாம். Ambil என்பது ‘எடு’. இதை எல்லாரும் அறிவார்கள். நமக்கு வேண்டிய முதல் பொத்தான் இதுதான். பக்கத்தில் Hantar என்று இருந்தால் அது ‘அனுப்பு’. Kurier என்று இருந்தால் அது ஊழியர்களுக்கானது, நமக்கல்ல. Masukkan Kod என்பதில் ‘மாசுக்’ இருக்கிறது, அதாவது உள்ளே போவது. ‘எண்ணை உள்ளிடு’ என்று பொருள். Sahkan என்பதில் ‘சா’ இருக்கிறது, செல்லும் என்பது. ‘சரி, உறுதி செய்’ என்று பொருள். Batal என்றால் ‘வேண்டாம், ரத்து’. Kembali என்றால் ‘முந்தைய பக்கம்’. Tutup Pintu என்றால் ‘கதவை மூடு’.

இரண்டு வாசகங்கள் கெட்ட செய்தி சொல்பவை. Kod tidak sah என்றால் ‘இந்த எண் செல்லாது’. Tamat tempoh என்றால் ‘கெடு முடிந்துவிட்டது’. தொலைக்காட்சி நாடகத்தின் முடிவில் வரும் அதே ‘தாமாட்’தான். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். முதலாவது வந்தால் இன்னொரு முறை பார்த்துத் தட்டலாம். இரண்டாவது வந்தால் எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை, நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும்.

சீனத் திரை நின்றால்

சீனாவில் செய்து வரும் பெட்டிகளில் முதல் பக்கம் சீனத்தில் நின்றால் பதற வேண்டாம். மேல் மூலையிலோ கீழ் மூலையிலோ உலக உருண்டைப் படம் அல்லது EN, BM, 中文 என்ற சிறு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதுதான் மொழி மாற்றும் இடம்.

மொழி மாற்ற வழியே இல்லையென்றால், இரண்டு சொற்களின் உருவம் தெரிந்தால் போதும். ‘பார்சல் எடு’ என்பது 取件. ‘பார்சல் அனுப்பு’ என்பது 寄件. இரண்டிலும் இரண்டாவது எழுத்து ஒன்றுதான், முதல் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். அனுப்பும் எழுத்தின் தலையில் ஒரு கூரை இருக்கும். எடுக்கும் எழுத்தில் கூரை இல்லை. அதன் இடது பாதி ‘காது’ என்ற எழுத்து, வலது பாதி ‘கை’யைக் குறிக்கும் பழைய வடிவம். காதைப் பிடித்த கை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கூரை இல்லாததைத் தொட்டால் எண் கேட்கும் பக்கம் வரும். எண்கள் எல்லா மொழியிலும் அதே எண்கள்தான். தட்டி முடித்ததும் 确认 என்ற பொத்தான், அதாவது ‘உறுதி செய்’. பெரும்பாலும் அது பச்சையிலோ வேறு எடுப்பான நிறத்திலோ இருக்கும்.

சீனாவிலோ தைவானிலோ படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இது உதவும். சீனாவில் குடியிருப்புப் பகுதிகளில் இத்தகைய பெட்டிகள் ஏராளம். அங்கே ஃபெங்சாவ் என்ற பெரிய பெட்டி நிறுவனம், குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் பார்சல் உள்ளேயே கிடந்தால் 2020 முதல் கட்டணம் கேட்கத் தொடங்கியது. பணம் கட்டினால்தான் கதவு திறக்கும். அதனால் எண் தட்டியபின் கதவு திறக்காமல் பணம் கட்டும் பக்கம் வந்தால், அது தவறான எண் என்று அர்த்தமில்லை, தாமதக் கட்டணம்.

பெட்டிக்கு முன்னால்

பஹாவ் அம்மா வெள்ளிக்கிழமை காலையே வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டால் நிற்கும், முதல் பக்கம் வரும். Ambil. எண் கேட்கும். 407193. Sahkan.

பல ஆண்டுகள் பால் வெட்டிய, குலை தள்ளிய விரல்களுக்குத் தொடுதிரை சில நேரம் பதில் சொல்லாது. இத்தகைய திரைகளில் பல, விரலில் உள்ள ஈரத்தையும் மின் கடத்தலையும் வைத்தே தொடுதலை உணர்கின்றன. தோல் காய்த்து வறண்டிருந்தால் அது உணராது. அழுத்திக் குத்துவதால் பயனில்லை. விரலை லேசாக ஈரப்படுத்தித் துடைத்துவிட்டு, விரல் நுனியால் அல்லாமல் சதைப்பகுதியால் மெல்லத் தொட்டால் கேட்கும். வெயில் திரையில் அடித்தால் குடையை விரித்துப் பின்னால் பிடித்துக்கொள்ளலாம். நிதானமாகச் செய்யலாம், ஆனால் நடுவில் நிறுத்தி நெடுநேரம் விட்டால் திரை முதல் பக்கத்துக்குப் போய்விடும். போனால் கவலையில்லை, மறுபடி தொடங்கலாம்.

‘டக்’. கதவு திறந்தது. சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் திரையில் கதவு எண் இருக்கும். இப்போதுதான் அவசரப்படக் கூடாது. முதலில் பார்சலில் ஒட்டியுள்ள தாளில் மகளின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வெளியே எடுத்து, கதவுக்குள் கையை விட்டுத் தடவ வேண்டும். சிறு பொட்டலம் உள்பக்கம் ஒட்டிக் கிடக்கும். எல்லாம் கைக்கு வந்தபிறகுதான் கதவை மூட வேண்டும், பூட்டு விழும் சத்தம் கேட்கும்வரை.

பெயர் வேறாக இருந்தால் அந்தப் பார்சலை எடுக்க வேண்டாம். ஊழியர் கதவு மாற்றி வைத்திருக்கலாம். கதவு எண்ணும் பெயரும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு, மூடிவிட்டு, பெட்டியின் மேல் ஒட்டியுள்ள எண்ணை அழைக்க வேண்டும். அழைக்கும்போது பெட்டியின் அடையாள எண்ணைக் கேட்பார்கள். அதுவும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் ஒட்டியிருக்கும்.

எண்ணை ஏற்றுக்கொண்டும் கதவு திறக்காத சமயமும் உண்டு. பெரிய பார்சலைச் சிறிய கதவுக்குள் திணித்திருந்தால், அது உள்ளிருந்து கதவைத் தள்ளும், பூட்டின் நாக்கு இறுகிக்கொள்ளும். கதவை உள்ளங்கையால் மெல்ல உள்பக்கம் அழுத்தினால் இறுக்கம் தளர்ந்து திறந்துகொள்ளலாம். கத்தியோ சாவியோ விட்டு நெம்பக் கூடாது.

எண்ணே செல்லாது என்று வந்தால் நான்கு காரணங்களைப் பார்க்கலாம். வேறு நிறுவனத்தின் பெட்டி முன்னால் நிற்கிறோமா? வீட்டில் வேறு யாராவது ஏற்கெனவே எடுத்துவிட்டார்களா? செய்தி இரண்டாம் தடவை வந்து புது எண் கொடுத்திருக்கிறதா? அப்படியானால் பழையது செல்லாமல் போயிருக்கலாம். கடைசியாக, தட்டியது உண்மையிலேயே பெட்டி எண்தானா? பலர் பார்சலைப் பின்தொடரும் எண்ணைத் தட்டுகிறார்கள். நம் நாட்டு அஞ்சலில் அது பெரும்பாலும் இரண்டு எழுத்தில் தொடங்கி, ஒன்பது இலக்கம் வந்து, MY என்று முடியும். பார்சல் எங்கே வருகிறது என்று பார்க்கத்தான் அது. கதவு திறக்காது. இவற்றைப் பார்க்காமல் மீண்டும் மீண்டும் தட்டினால், சில பெட்டிகள் கொஞ்ச நேரம் எண்ணையே ஏற்காமல் நிறுத்திவிடும்.

உதவிக்கு வருபவரிடம் எதைக் காட்டுவது?

திரை புரியாமல் நிற்கும்போது பெட்ரோல் நிலையத்தில் யாராவது உதவ வருவார்கள். பெரும்பாலும் நல்லவர்கள்தான். நம்மவர்கள் உடனே செய்வது, கைத்தொலைபேசியைத் திறந்து அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுவது. அந்தக் காலத்தில் கடிதத்தைக் கொடுத்து “வாசிச்சுச் சொல்லுங்கையா” என்ற பழக்கம் அது. ஆனால் கடிதத்தைக் கொடுத்தால் செய்தி மட்டும்தான் போகும். இங்கே சாவியே போகிறது.

ஆகவே உதவியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். திரையை அவர் வாசிக்கட்டும். எண்ணை நாம் தட்டலாம். “எடுக்கிற பொத்தான் எது?” என்று கேட்பதில் ஆபத்தில்லை. ஆறு எண்களைத் தட்டுவதற்குத் தமிழும் வேண்டாம், மலாயும் வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து பெட்டியிடம் இல்லை, தொலைபேசியில் இருக்கிறது. ஆறு இலக்க எண் மூன்று இடங்களிலிருந்து வரலாம். பார்சல் பெட்டியிலிருந்து, வங்கியிலிருந்து, புலனத்திலிருந்து. வங்கி எண் போனால் சேமிப்பு போகும். புலன எண் போனால் உங்கள் புலனக் கணக்கே வேறொருவர் கைக்குப் போய், உங்கள் பெயரில் உறவினர்களிடம் பணம் கேட்பார்கள். ஏமாற்றுக்காரர்கள் கூரியர் ஊழியர்போல் அழைத்து, “உங்களுக்கு ஒரு எண் வந்திருக்கும், சொல்லுங்கள், பார்சலை விடுவிக்க வேண்டும்” என்பது இந்த மூன்றும் ஒரே மாதிரி தோன்றுவதால்தான்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பார்சல் பெட்டி எண்ணோடு இடமும் கெடுவும் வரும். அது எந்தப் பெட்டி, எத்தனை மணி வரை என்று சொல்லும். இடம் எதுவும் சொல்லாமல், TAC என்றோ ‘யாரிடமும் பகிர வேண்டாம்’ என்றோ வரும் எண் பெட்டி எண் அல்ல. பெட்டி எண்ணாகவே இருந்தாலும், அது பெட்டியின் திரையில் நம் விரலால் தட்டுவதற்கு மட்டுமே. பார்சலை உள்ளே வைத்த நிறுவனத்துக்கு அதைத் திறக்க உங்கள் எண் தேவையில்லை. அதைக் கேட்டு அழைப்பவர் நிறுவனத்துக்காரர் அல்லர். ‘பார்சல் நிற்கிறது, சில வெள்ளி கட்டுங்கள்’ என்று இணைப்போடு வரும் செய்திக்கும் இதே பதில்தான்: தொடாமல் விடுங்கள். தவறிப்போய் வங்கி எண்ணைச் சொல்லிவிட்டால், பணம் போயிருந்தால், அடுத்த நிமிடமே உங்கள் வங்கியையோ தேசிய மோசடி உதவி எண்ணான 997ஐயோ அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் இன்னொரு கணக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரர் டவுனுக்குப் போகும்போது எண்ணைக் கொடுத்துவிடுவதில் தவறில்லை. லயத்தில் ஒருவர் நாலு வீட்டுக்கும் சாமான் வாங்கி வருவது நமக்குப் புதிதா? வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்போமோ அவரிடம் கொடுக்கலாம். அதுதான் அளவுகோல்.

வெட்டி வைத்துக்கொள்ள

கீழே உள்ளதை வெட்டி, அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள்.

Ambil / Collect / 取件 – எடு (இதைத் தொடு)
Hantar / Send / 寄件 – அனுப்பு (தொட வேண்டாம்)
Masukkan Kod – எண்ணைத் தட்டு
Padam – தட்டியதை அழி
Sahkan / Confirm / 确认 – சரி
Batal / Cancel – வேண்டாம்
Tutup Pintu – கதவை மூடு (பார்சல் கையில் இருந்தால் மட்டும்)
Kod tidak sah – எண் செல்லாது, சரிபார்
Tamat tempoh – கெடு முடிந்தது, நிறுவனத்தை அழை

பின்பக்கத்தில் மூன்று வரி எழுத இடம் விடுங்கள்: எந்தப் பெட்டி, எந்த நாள் எத்தனை மணி வரை, ஆறு எண்கள். எடுத்து வந்த பிறகு அந்த எண்களை அடித்துவிடலாம். அடுத்த பார்சலுக்கு வேறு எண் வரும்.